நீல எழுத்துக்குப் பின்னால் யார்? சுருக்கிய இணைப்புகளும் கண்காணிக்கும் இணைப்புகளும்



சங்கம், கோவில், தமிழ்ப் பாடசாலை, விளையாட்டுக் கழகம் என்று ஏதோவொரு பொதுக்காரியத்துக்காக மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்புகிறவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு முறைப்பாடு உண்டு. "எல்லாருக்கும் அனுப்பினோம், ஆனால் பாதிப் பேர் தங்களுக்கு வரவில்லை என்கிறார்கள். வந்தவர்களிலும் பலர் திறந்து பார்க்கவில்லை." இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இம்மாத உரையில் எடுத்துக்கொள்கிறோம். அது அந்த மின்னஞ்சலுக்குள் இருக்கும் இணைப்பு, அதாவது தட்டினால் இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோகும் அந்த நீல எழுத்து.

விடயம் விளங்குவதற்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபின் புலம்பெயர்ந்த நாடுகளில் உள்ள எத்தனையோ அமைப்புகள் நிவாரண வேண்டுகோள் அனுப்பின. அப்படியான ஒரு பழைய மாணவர் சங்கத்தைக் கற்பனை செய்யுங்கள். அதன் பட்டியலில் 640 மின்னஞ்சல் முகவரிகள் உள்ளன. அவற்றில் 400 ஜிமெயில் முகவரிகள். செயலாளர் இரவிரவாக இருந்து ஒரு வேண்டுகோளை எழுதுகிறார். நன்கொடைப் பக்கத்தின் முகவரி மிக நீளமாக இருப்பதால் அதை bit.ly மூலம் சுருக்குகிறார். பிறகு செய்திமடல் அனுப்பும் ஓர் இலவசச் சேவை மூலம் எல்லாருக்கும் அனுப்புகிறார். இதில் எந்தப் பிழையும் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு நீல எழுத்துக்குப் பின்னால் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம்.

சுருக்கிய இணைப்பு என்ன செய்கிறது?

இணைப்பைச் சுருக்கும் சேவைகள் ஒரு நல்ல தேவைக்காகத்தான் வந்தன. 2002இல் தொடங்கிய டைனி யூஆர்எல் என்ற சேவையின் காலத்தில், நீண்ட முகவரிகள் மின்னஞ்சலில் இரண்டு வரியாக உடைந்துபோய், தட்டினால் வேலை செய்யாமல் நின்றுவிடும். பின்னர் டுவிட்டரில் 140 எழுத்துக்குள் எழுதவேண்டி வந்தபோது, 2008இல் வந்த பிட்லி போன்ற சேவைகள் பெருகின.

வேலை செய்யும் முறை எளிமையானது. நீங்கள் குட்டி முகவரியைத் தட்டும்போது உங்கள் கைத்தொலைபேசி முதலில் சுருக்கும் சேவையின் கணினியிடம் போகிறது. அது தன் குறிப்பில் பார்த்து, "நீங்கள் தேடும் பக்கம் அங்கே இருக்கிறது" என்று திருப்பிவிடுகிறது. ஊரில் நிலையான விலாசம் இல்லாத காலத்தில், கடிதங்களை இன்னொருவர் வீட்டுக்கு மே/பா போட்டு அனுப்பச் சொல்வோமே, அதைப்போல. வித்தியாசம் என்னவென்றால், கடித உறையில் இரண்டு பெயர்களும் இருக்கும். சுருக்கிய இணைப்பில் இடையில் நிற்பவரின் பெயர் மட்டுமே தெரியும். போய்ச்சேரும் இடம் தெரியாது.

கண்காணிக்கும் இணைப்பு என்ன செய்கிறது?

செய்திமடல் சேவைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. யார் யார் தட்டினார்கள் என்று அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டுவதற்காக, கடிதத்தில் உள்ள ஒவ்வோர் இணைப்பையும் அனுப்பும் நேரத்தில் தாமாகவே மாற்றி எழுதுகின்றன. நீங்கள் எழுதியது சங்கத்தின் முகவரியாக இருந்தாலும், வாசகருக்குப் போவது இப்படித்தான் இருக்கும்:

```html
<a href="https://track.example.net/c/48213/7f3a9e">
www.example.org/nivaranam</a>
```

இரண்டாவது வரியில் இருப்பது வாசகரின் கண்ணுக்குத் தெரிவது. முதல் வரியில் இருப்பது உண்மையில் போகும் இடம். கடைசியில் உள்ள 7f3a9e என்பது பெறுபவருடைய அடையாளம். அது 640 பேருக்கும் 640 விதமாக இருக்கும். அதைத் தட்டியவுடன் இன்னார், இத்தனை மணிக்கு, இந்த வகைத் தொலைபேசியிலிருந்து, ஏறக்குறைய இந்த நகரத்திலிருந்து தட்டினார் என்று சேவையின் கணினியில் பதிவாகிறது. அதன்பிறகே உரிய பக்கத்துக்கு அனுப்பப்படுகிறார்.

நமது செயலாளரின் கடிதத்தில் இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அவர் சுருக்கிய முகவரியைச் சேவை மீண்டும் தன்னுடைய கண்காணிப்பு முகவரியால் மூடிவிட்டது. ஆகவே தட்டுகிறவர் முதலில் செய்திமடல் சேவைக்குப் போகிறார். அங்கிருந்து பிட்லிக்குப் போகிறார். அங்கிருந்துதான் பணம் வசூலிக்கும் நிறுவனத்தின் நன்கொடைப் பக்கத்துக்குப் போகிறார். வழியில் மூன்று பெயர்கள் வருகின்றன. மூன்றில் ஒன்றுகூடச் சங்கத்தின் பெயர் அல்ல.

வடிகட்டி இதை எப்படிப் பார்க்கிறது?

ஜிமெயில், அவுட்லுக் போன்றவற்றில் ஒரு கடிதம் உள்ளே வருமுன் வடிகட்டியைத் தாண்ட வேண்டும். அந்த வடிகட்டி கடிதத்தை அனுப்பியவர் யார் என்று மட்டும் பார்ப்பதில்லை. கடிதத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் இணைப்பின் டொமைன் பெயரையும் எடுத்து, அந்தப் பெயருக்கு என்ன நற்பெயர் இருக்கிறது என்றும் பார்க்கிறது. டொமைன் என்பது example.org போன்ற இணையத்தளப் பெயர். ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் மோசடிக் கடிதங்களில் காணப்படும் டொமைன்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. உலகம் முழுவதும் அஞ்சல் கணினிகள் அவற்றைக் கேட்டுப் பார்க்கின்றன. மோசடிக்காரர் பயன்படுத்தும் திருப்பிவிடும் தளங்களைக் குறிப்பதற்கென்றே ஸ்பாம்ஹாஸின் டொமைன் பட்டியலில் ஒரு தனிக் குறியீடு இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். bit.ly என்ற பெயர் நமது சங்கத்துக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அதே பெயரில் வங்கி மோசடி செய்கிறவனும் இணைப்பு வைத்திருப்பான். போலி மருந்து விற்கிறவனும் வைத்திருப்பான். பெரிய மாடிக் கட்டடம் ஒன்றில் எல்லா வீட்டுக்கும் ஒரே தபால் பெட்டி இருந்து, பெட்டியில் வீட்டு இலக்கமும் இல்லாவிட்டால், ஒரு வீட்டுக்காரன் செய்யும் களவுக்கு முழுக் கட்டடமும் சந்தேகத்துக்கு ஆளாகும். இலவசச் செய்திமடல் சேவைகளின் பொதுவான கண்காணிப்பு டொமைனுக்கும் இதே கதைதான். அதே வாரம் அதே சேவையில் வேறொருவர் செய்த அட்டகாசம் நமது நிவாரணக் கடிதத்தையும் பாதிக்கலாம். அதை நம்மால் முன்கூட்டி அறியவும் முடியாது, தடுக்கவும் முடியாது.

இரண்டாவது சிக்கல், கண்ணுக்குத் தெரியும் முகவரி ஒன்று, உண்மையில் போகும் முகவரி வேறொன்று என்பது. மேலே காட்டிய இரண்டு வரிகளையும் மறுபடி பாருங்கள். "உங்கள் வங்கி" என்று எழுதிவிட்டு வேறெங்கோ கொண்டுபோகும் மோசடிக் கடிதமும் இதே அமைப்பில்தான் இருக்கும். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருள் இப்படிப் பொருந்தாத இணைப்பைக் கண்டால், இந்தக் கடிதம் மோசடியாக இருக்கலாம் என்று மேலே ஓர் எச்சரிக்கையே போட்டுவிடும். சங்கத்தின் முகவரியைக் கடிதத்தில் தெளிவாக எழுதவேண்டும் என்ற செயலாளரின் நல்லெண்ணமே, கண்காணிப்பு சேர்ந்தவுடன் அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

ஒரு வரம்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுருக்கிய இணைப்பு இருந்தால் கடிதம் கட்டாயம் குப்பைப் பெட்டிக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வடிகட்டி பல அடையாளங்களைச் சேர்த்தே முடிவெடுக்கும். பல ஆண்டுகளாக ஒழுங்காகக் கடிதம் அனுப்பி நற்பெயர் பெற்ற அமைப்பு இதனால் அதிகம் பாதிக்கப்படாமல் போகலாம். ஆனால் வருடத்துக்கு நான்கு தடவை மட்டும் அனுப்பும் சிறு சங்கத்துக்கு அப்படியான சேமிப்பு இல்லை. அதற்கு ஒவ்வோர் அடையாளமும் கனக்கும்.

மனிதர் இதை எப்படிப் பார்க்கிறார்?

கடிதம் வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது அதைப் பார்ப்பவர் ஒரு மனிதர். சிட்னியில் அல்லது மெல்பேர்ணில் இருக்கும் ஓர் அம்மா என்று வையுங்கள். மகனைக் கூப்பிட்டு, "தம்பி, இது எங்கட பள்ளிக்கூடச் சங்கம் எண்டு கிடக்குது. ஆனால் இந்தக் கீழ இருக்கிற பெயர் வேறயா இருக்கே. இதைத் தட்டலாமோ?" என்று கேட்கிறார். மகனும் எட்டிப் பார்த்துவிட்டு, "வேண்டாம் அம்மா, விடுங்கோ" என்கிறார். அவர்கள் செய்தது சரியான காரியம். எல்லா இடத்திலும் நமக்குச் சொல்லித் தரப்படுவது இதைத்தான்.

அவுஸ்திரேலியாவில் அரச சேவைகளுக்கான மைகவ் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நுழைவதற்கான இணைப்பைக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ தாங்கள் அனுப்புவதே இல்லை என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் பரவின. உண்மையான வங்கியின் செய்திகள் வரும் அதே வரிசையிலேயே அவையும் வந்து விழுந்தன. இணைப்பைத் தட்டிய 790 வாடிக்கையாளர்கள் மொத்தமாக 1 கோடியே 37 இலட்சம் சிங்கப்பூர் டொலரை இழந்தார்கள். அதன்பின் 2022 ஜனவரியில் அங்குள்ள நாணய ஆணையம், வாடிக்கையாளருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தட்டக்கூடிய இணைப்பே இருக்கக்கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வங்கியே இணைப்பு அனுப்பாத காலத்தில், யாரென்று தெரியாத ஒரு குட்டி முகவரியை அனுப்பி, தட்டிப் பணம் போடுங்கள் என்றால் எப்படி நம்புவார்கள்?

நம்மவருக்கு இன்னுமொரு காரணம் உண்டு. அது மற்றச் சமூகங்களுக்கு அவ்வளவாக விளங்காது. பெயர்ப் பட்டியல் என்றால் நமக்குப் பயம். யார் எந்தக் கூட்டத்துக்கு வந்தார், யார் எதற்குக் காசு கொடுத்தார் என்று எழுதி வைக்கப்பட்டதால் குடும்பங்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். காணாமற்போனோர் பற்றிய சாட்சியம், அகதி விண்ணப்பத்துக்கான இலவசச் சட்ட ஆலோசனை, நினைவுநாள் நிகழ்வு போன்றவற்றுக்கான கடிதங்களில் கண்காணிக்கும் இணைப்பைப் போட்டால், இன்னார் இந்த நாளில் இந்த விடயத்தைத் திறந்து பார்த்தார் என்ற பட்டியல் ஒன்று வேறொரு நாட்டிலுள்ள தனியார் கணினியில் உருவாகிவிடுகிறது. சங்கத்தில் யாரும் அதைத் திறந்தே பார்க்காவிட்டாலும் பட்டியல் அங்கே இருக்கும். செயலாளரின் கடவுச்சொல் களவுபோனால் பட்டியலும் கூடவே போகும்.

கடிதம் கைமாறும்போது இது இன்னும் சிக்கலாகிறது. நம்மில் யார்தான் கடிதத்தைத் தன்னோடு வைத்திருக்கிறோம்? யாழ்ப்பாணத்திலுள்ள மாமாவுக்கும் கனடாவிலுள்ள தங்கைக்கும் உடனே அனுப்பிவிடுவோம். ஆனால் அந்த இணைப்பின் கடைசியில் இருப்பது உங்களுடைய அடையாள எண். மாமா அதைத் தட்டினால், நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தட்டியதாகப் பதிவாகும். அதே கடிதத்தின் அடியில் உள்ள விலகல் இணைப்பை மாமா தெரியாமல் தட்டினால், பட்டியலிலிருந்து நீக்கப்படுவது நீங்கள்தான். "எனக்கு இப்போ சங்கக் கடிதமே வருவதில்லை" என்று சொல்கிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

இரண்டு பேர் போதும்

மனிதரின் சந்தேகம் திரும்பவும் வடிகட்டியிடம் போய்ச் சேர்கிறது. சந்தேகப்பட்டவர்களில் பலர் கடிதத்தை வெறுமனே விட்டுவிடுவார்கள். ஒரு சிலர் "ஸ்பாம்" என்று முறையிடும் பொத்தானை அழுத்துவார்கள். 2024 பெப்ரவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த கூகிளின் விதிகள், இப்படியான முறைப்பாடுகள் 0.3 வீதத்தை எட்டக்கூடாது என்கின்றன. அதாவது ஆயிரம் பேருக்கு மூன்று. நமது சங்கத்தின் 400 ஜிமெயில் முகவரிகளில் 0.3 வீதம் என்பது 1.2 பேர். இரண்டு பேர் பொத்தானை அழுத்தினாலே அது 0.5 வீதமாகிவிடும். யாரோ இரண்டு அப்பாவிகள் பயத்தில் அழுத்தியதால், அடுத்த மாதம் போகும் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தல் பலருடைய குப்பைப் பெட்டிக்குள் விழக்கூடும். அந்த அறிவித்தலில் ஓர் இணைப்புக்கூட இல்லாவிட்டாலும் இது நடக்கலாம்.

இவ்வளவு விலை கொடுத்துப் பெறும் கணக்கு சரியானதா?

கண்காணிப்பை ஏன் வைக்கிறோம்? எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறியத்தானே. ஆனால் அந்தக் கணக்கும் இப்போது நம்பக்கூடியதாக இல்லை. பல அலுவலகங்களில் பாதுகாப்பு மென்பொருள், கடிதம் மனிதரின் கையில் சேருமுன்பே ஒவ்வோர் இணைப்பையும் தானே தட்டிப் பார்க்கிறது. ஆகவே கடிதம் போய்ச் சில விநாடிகளில் ஒரே முகவரியிலிருந்து எல்லா இணைப்பும் தட்டப்பட்டதாகக் கணக்குக் காட்டினால், அது மனிதர் அல்ல, இயந்திரம். திறந்து பார்த்தவர் எண்ணிக்கையும் இதே நிலைதான். அது கடிதத்துக்குள் ஒளித்து வைக்கும் ஒரு குட்டிப் படத்தைக் கொண்டு எண்ணப்படுகிறது. 2021இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த பாதுகாப்பு முறை, வாசகர் திறக்காவிட்டாலும் அந்தப் படத்தை முன்கூட்டியே தரவிறக்கிவிடுகிறது. "இருநூறு பேர் திறந்தார்கள்" என்று நிர்வாகக் கூட்டத்தில் சொல்லப்படும் எண்ணிக்கையில் எத்தனை பேர் உண்மையான மனிதர் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுருக்கிய இணைப்பில் இன்னுமொரு பலவீனம், அதன் ஆயுள் நமது கையில் இல்லை என்பது. கூகிள் 2009இல் தொடங்கிய goo.gl சேவை 2019இல் புதிய இணைப்புகளை உருவாக்குவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டுக்குப் பின் பழைய இணைப்புகள் எதுவுமே வேலை செய்யாது என்று 2024இல் அறிவித்தார்கள். கடைசி நேரத்தில் மனம் மாறி, பாவனையில் இல்லாதவற்றை மட்டும் நிறுத்துவதாகச் சொன்னார்கள். கூகிள் நடத்திய சேவைக்கே இந்த நிலை. சங்கத்தின் ஆண்டு மலரில் அச்சடித்த குட்டி முகவரி பத்து வருடத்தின்பின் எங்கே போகும் என்பது நமது தீர்மானம் அல்ல.

என்ன செய்யலாம்?

முதலாவது, முகவரியைச் சுருக்குவதானால் சொந்தப் பெயரிலேயே சுருக்குங்கள். சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் இருந்தால், அதைப் பராமரிப்பவரிடம் example.org/nivaranam என்ற பாதையை உருவாக்கி, அது நீண்ட நன்கொடைப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி செய்யச் சொல்லலாம். சில நிமிட வேலைதான். இதுவும் திருப்பிவிடுதல்தான், ஆனால் வாசகர் பார்ப்பது சங்கத்தின் பெயரை. போய்ச்சேரும் பக்கத்தை நாளைக்கு மாற்றவேண்டி வந்தாலும் அச்சடித்த முகவரியை மாற்றத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். அடுத்து வரும் பக்கம் வேறு நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, செய்திமடல் சேவையின் அமைப்புகளில் தட்டல்களைக் கண்காணிக்கும் வசதியை நிறுத்துங்கள். பெரும்பாலும் Click tracking அல்லது Track clicks என்று இருக்கும். சில சேவைகள் இலவசக் கணக்கில் இதை நிறுத்த விடுவதில்லை. அப்படியானால் வேறு சேவையைத் தேடுவது நல்லது. ஏதோ காரணத்தால் கண்காணிப்பு அவசியம் என்றால், link.example.org போன்ற சங்கத்தின் சொந்தக் கிளைப் பெயரை அதற்குப் பயன்படுத்தும்படி CNAME என்ற பதிவின்மூலம் அமைக்கலாம். அப்போது மற்றவர்களின் கெட்டபெயர் நம்மேல் ஒட்டும் ஆபத்து பெருமளவு குறையும். அந்தக் கிளைப் பெயருக்கும் https பாதுகாப்புச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தட்டுகிறவருக்கு "இது பாதுகாப்பற்ற தளம்" என்ற எச்சரிக்கைதான் முதலில் வரும். ஆனால் இந்த முறையிலும் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் இருக்கத்தான் செய்யும். ஆகவே சட்ட ஆலோசனை, சாட்சியம் போன்ற கடிதங்களில் இதையும் தவிர்ப்பதே நல்லது.

மூன்றாவது, ஆளை எண்ணாமல் வழியை எண்ணுங்கள். மின்னஞ்சலில் /nivaranam-m என்றும், துண்டுப்பிரசுரத்தில் /nivaranam-p என்றும், வானொலியில் /nivaranam-v என்றும் மூன்று பாதைகளைக் கொடுத்தால், எந்த வழியால் எத்தனை பேர் வந்தார்கள் என்று சங்கத்தின் சொந்தத் தளமே சொல்லும். யார் யார் என்ற பெயர்ப் பட்டியல் அங்கே இருக்காது. செயலாளருக்கு உண்மையில் தேவைப்பட்டதும் இந்த விடைதான்.

இப்படித் திருத்தியபின் நமது செயலாளரின் கடிதத்தின் முக்கிய பகுதி இவ்வாறு இருக்கும்:

"நன்கொடை வழங்க விரும்புவோர் example.org/nivaranam-m என்ற எமது பக்கத்துக்குச் செல்லலாம். அங்கிருந்து கட்டணம் செலுத்தும் நிறுவனத்தின் பக்கம் திறக்கும். அதன் பெயரும் எமது பக்கத்தில் தரப்பட்டுள்ளது. இணைப்பைத் தட்ட விரும்பாதவர்கள் முகவரியைத் தாமே தட்டச்சு செய்யலாம், அல்லது பொருளாளரைத் தொலைபேசியில் அழைக்கலாம். இக்கடிதத்தில் கண்காணிக்கும் இணைப்புகள் இல்லை."

தட்டாமலே காரியம் முடிக்கும் வழியொன்றும் இதில் இருப்பதைக் கவனியுங்கள். பயப்படுகிறவருக்கு அது ஒரு கதவு. ஆனால் பொருளாளரின் இலக்கம் உறுப்பினருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக, அல்லது சங்கத்தின் தளத்தில் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். மோசடிக்காரனும் தன் இலக்கத்தைக் கடிதத்தில் போட்டு, அழையுங்கள் என்றுதான் சொல்வான்.

அனுப்புமுன் ஒரு சோதனை

640 பேருக்கும் அனுப்புமுன் ஜிமெயில், அவுட்லுக், யாஹூ ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு முகவரிக்கு அனுப்பிப் பாருங்கள். சங்கக் கடிதங்களை வழமையாகத் திறந்து வாசிக்கிறவரின் முகவரியாக அவை இருக்கக்கூடாது. அவருடைய பெட்டி நமக்கு ஏற்கெனவே பழகியிருக்கும், ஆகவே உண்மையைக் காட்டாது. எந்தப் பெட்டியில் வந்து விழுகிறது என்று பார்த்தபின், இணைப்பின்மேல் கைத்தொலைபேசியில் விரலை அழுத்திப் பிடியுங்கள். கணினியென்றால் தட்டாமல் சுட்டியை மேலே வையுங்கள். உண்மையான முகவரி தெரியும். அதில் சங்கத்தின் பெயர் இல்லாவிட்டால் கண்காணிப்பு இன்னும் நிறுத்தப்படவில்லை என்று பொருள். ஜிமெயிலில் கடிதத்தின் வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி Show original என்பதைக் கணினியில் திறந்தால், SPF, DKIM, DMARC என்ற மூன்றுக்கும் PASS என்று இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அனுப்பியவர் உண்மையானவர்தான் என்பதற்கான சான்றுகள் அவை. அவை இல்லாவிட்டால் இணைப்பை மட்டும் திருத்தி அதிக பயன் இல்லை. வருடக்கணக்காகப் பழைய முகவரிகள் நிறைந்து கிடக்கும் பட்டியலுக்கும் இதுவே பொருந்தும்.

பெறுகிறவர்களுக்கு

மேலே சொன்ன விரல் அழுத்தும் முறை எல்லாருக்கும் உதவும். முகவரியை வாசிக்கும்போது https:// என்பதற்குப் பின் வரும் முதல் சாய்கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோட்டுக்கு நேர் முன்னால் இருப்பதுதான் வீட்டுச் சொந்தக்காரரின் பெயர். example.org.vanakkam.net/nivaranam என்பது பார்ப்பதற்குச் சங்கத்தின் முகவரி போல இருக்கும். ஆனால் அது vanakkam.net என்ற பெயரை வைத்திருப்பவருடைய வீடு. example.org என்பது வாசலில் தொங்கவிட்ட பலகை மட்டுமே.

டைனி யூஆர்எல் இணைப்பு வந்தால், tinyurl.com என்பதற்கு முன்னால் preview. என்று சேர்த்துத் தட்டச்சு செய்தால், அது எங்கே போகிறது என்று முதலில் காட்டும். அதுவும் சிரமமாக இருந்தால், இணைப்பை விட்டுவிட்டுச் சங்கத்தின் இணையத்தளத்துக்கு நேரே போய் அந்த அறிவித்தல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான வேண்டுகோளானால் அங்கேயும் இருக்கவேண்டும். இல்லையென்றால் செயலாளரைத் தொலைபேசியில் கேளுங்கள்.

கடிதத்தை உறவினருக்கு அனுப்ப விரும்பினால் முழுக் கடிதத்தையும் அப்படியே அனுப்பாமல், விடயத்தைப் பிரதிசெய்து, சங்கத்தின் சாதாரண முகவரியைக் கையால் எழுதி அனுப்புங்கள். உங்கள் அடையாள எண் அப்போது உங்களோடேயே நின்றுவிடும். மாமா தட்டினாலும் அது உங்கள் பெயரில் பதிவாகாது.